ஒரு பக்கக் கிருதா ஏன் ஏறிப்போகிறது?

வீட்டிலேயே தாடி திருத்திக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது: “என்னங்க, இந்தப் பக்கம் மட்டும் ஏறியிருக்கே?” கேட்பது மனைவியாக இருக்கலாம், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கலாம். கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். தெருவில் இறங்கியதும் கோணல் தெரிகிறது. பழி வழக்கமாக டிரிம்மர் மேலோ கை மேலோ விழுகிறது. புது டிரிம்மர் வாங்கியும் அதே கோணல் வரும்போதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது.

டிரிம்மரை முதலில் விடுவித்துவிடலாம். ஐந்து மில்லிமீட்டர் சீப்பை மாட்டி இழுத்தால், வலது கன்னமானாலும் இடது கன்னமானாலும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். சீப்பு வெளிச்சத்தைப் பார்த்து வெட்டுவதில்லை. தப்பு நடப்பது சீப்பைக் கழற்றிய பிறகு, நம் கண்ணை நம்பிக் கோடு போடும் இடங்களில்தான். கிருதாவின் முனை, கன்னத்தில் தாடி தொடங்கும் வரம்பு, தாடைக்குக் கீழே கழுத்துக்கோடு, பின்னால் பிடரி என்று அப்படி நான்கு இடங்கள் உண்டு. இந்த நான்கிலும் நாம் எதை முடி என்று பார்க்கிறோமோ அதைத்தான் வெட்டுகிறோம். அங்கேதான் நிழல் உள்ளே புகுந்துவிடுகிறது.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் என்ன ஆகும்? வெளிச்சம் விழும் கன்னத்தில் முடிகளுக்கு இடையே தோல் பளிச்சென்று தெரியும். அடர்த்தி குறைவாக இருப்பதுபோலத் தோன்றும். கன்னத்து எலும்புக்குக் கீழே இருக்கும் மெல்லிய முடிகள் அந்தப் பளபளப்பில் கரைந்தே போய்விடும். மறு கன்னத்தில் நிலைமை நேரெதிர். அங்கே மூக்கின் நிழலும் எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தின் கருமையும் முடியோடு சேர்ந்துகொள்கின்றன. எங்கே முடி முடிகிறது, எங்கே நிழல் தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே இருட்டான பக்கம் எப்போதும் ‘இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாமும் எடுத்துக்கொண்டே இருப்போம். நிழலை வெட்ட முடியாது என்பதால் அது ஓயவும் ஓயாது. வெளியே வந்து சுற்றிலும் ஒரே மாதிரி வெளிச்சம் கிடைத்ததும் அந்தப் பக்கம் ஏறியிருப்பது தெரிகிறது.

தலைக்கு மேலே இருக்கும் விளக்கு வேறு விதமாக ஏமாற்றும். இடமும் வலமும் சமமாகத் தெரிவதால் சரியான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் தாடைக்குக் கீழே முழுக்க இருட்டு. கழுத்துக்கோடு போடும்போது நாம் பின்பற்றுவது தாடையின் நிழலை, கழுத்தை அல்ல. தலையைச் சற்றே சாய்த்தாலும் அந்த நிழலும் சாய்ந்துவிடும். அதன் ஓரத்தை ஒட்டி இழுத்த கோடும் கூடவே சாயும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு. நம் ஊர்ப் பல வீடுகளைப்போல வாஷ்பேசின் குளியலறைக்கு வெளியே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடி. அதைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கச் சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு டியூப்லைட்டும், வலது கைப்பக்கம் பால்கனிக் கதவும் இருக்கின்றன. அவர் தாடி திருத்துவது ஞாயிற்றுக்கிழமை காலையில், பால்கனி வெளிச்சத்தில். மாதக்கணக்காக அவருடைய இடது கிருதா வலதைவிட அரை விரல் மேலேதான் நின்றது. ஒரு முறை ஊருக்குப் போகும் அவசரத்தில் சனிக்கிழமை இரவே டியூப்லைட்டில் வேலையை முடித்தார். இந்த முறை வலது கிருதா ஏறியிருந்தது. கை அதே கை, டிரிம்மர் அதே டிரிம்மர். மாறியது வெளிச்சம் வந்த திசை மட்டும்தான்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கண்ணாடியில் அது ஏன் தெரியவில்லை? நம் மூளை முகத்தில் படிப்படியாகக் குறையும் வெளிச்சத்தைத் தானாகவே கழித்துவிட்டுத்தான் பார்க்கிறது. பாதி முகம் இருட்டில் இருந்தாலும் ‘பாதி கறுத்த முகம்’ என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆகவே நம் முகத்தைப் பார்த்தே வெளிச்சம் சமமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு துண்டு வெள்ளைத்தாள் போதும்.

கடித உறை அளவுள்ள வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம்போலச் செங்கோணமாக விரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நீங்கள் நிற்கும் இடத்தில் நின்று, மடிப்பின் முனை கண்ணாடியைப் பார்க்கும்படி அதை மூக்குக்கு முன்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். இப்போது கண்ணாடியில் தெரியும் தாளைப் பாருங்கள். ஒரு முகப்பு இடப்பக்க வெளிச்சத்தை மட்டும் வாங்குகிறது, மற்றது வலப்பக்க வெளிச்சத்தை. இரண்டும் ஒரே மடிப்பில் ஒட்டி நிற்பதால் சிறு வித்தியாசத்தையும் கண் பிடித்துவிடும். இரண்டும் ஒரே வெண்மையாக இருந்து, நடுவில் மடிப்புக்கோடு மங்கிப்போனால் வெளிச்சம் சமம். ஒன்று வெள்ளையாகவும் மற்றது சாம்பலாகவும் தெரிந்தால் சாம்பல் பக்கத்துக் கன்னம் அபாயத்தில் இருக்கிறது. மின்விளக்குகளின் ஒளியை ஒப்பிட ஒரு காலத்தில் ஆய்வகங்களில் பயன்படுத்திய கருவிகளிலும் இந்த ஆப்பு வடிவம் இருந்தது. தத்துவம் இன்றும் மாறவில்லை.

அந்த வாடகை வீட்டில் காலையில் தாளைப் பிடித்தபோது வலது முகப்பு பளிச்சென்றும் இடது முகப்பு மழைமேகம் போலவும் தெரிந்தது. சரி, டியூப்லைட்டையும் போட்டுவிடுவோம் என்று போட்டால், இருள் குறைந்தது. ஆனால் இடது முகப்பில் நீலம் ஏறியது. பால்கனியில் எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பிவந்த வெளிச்சம், உள்ளே நீலம் கலந்த வெள்ளை டியூப். இப்படி இரண்டு நிறம் கலந்தால் தோல் ஒரு பக்கம் மாநிறமாகவும் மறு பக்கம் வெளிறியும் தெரியும். முடியின் அடர்த்தியும் அதற்கேற்ப மாறித் தெரியும். குறிப்பாக நரை கலந்த தாடிக்கு இது பெரிய தொல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் நரை தோலோடு கலந்து மறைகிறது, நீல வெளிச்சத்தில் எடுப்பாக நிற்கிறது.

செய்ய வேண்டியது என்னவென்று சினிமா மேக்கப் அறைக் கண்ணாடி எப்போதோ காட்டிவிட்டது. கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள், முகத்தின் உயரத்திலேயே, இரு புறமும் ஒரே எண்ணிக்கையில். அது அலங்காரத்துக்காக வந்ததல்ல. எந்தப் பக்கத்து நிழலையும் எதிர்ப்பக்கத்து விளக்கு அழித்துவிடுவதற்கான ஏற்பாடு. வீட்டில் அத்தனை பல்புகள் தேவையில்லை. கண்ணாடியின் இடத்திலும் வலத்திலும் இரண்டடி நீளமுள்ள எல்.இ.டி. பேட்டன் விளக்கு ஒவ்வொன்று, செங்குத்தாக நிறுத்தினால் போதும். கடைகளில் இரண்டடி பேட்டன் பெரும்பாலும் பத்து வாட்டில் கிடைக்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே நிறமாக இருக்க வேண்டும்; ஒரே நேரத்தில் வாங்கியதாகவும் இருந்தால் நல்லது. பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மாட்டினால் பழையது மங்கியிருக்கும்.

நிறத்துக்குப் பெட்டியில் கெல்வின் என்ற அலகில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நம் வீட்டு டியூப்லைட்டின் நீல வெள்ளை. இடையில் 4000 இதற்கு ஏற்றது. சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண்ணும் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. தாடிக்கு 80 போதும். முகத்துக்கு மேக்கப் போடுபவர்களுக்கு 90 இருந்தால் நல்லது. விளக்கின் முகப்பு பால்நிறமாக இருக்கட்டும். உள்ளே புள்ளிப் புள்ளியாக எல்.இ.டி. தெரியும் விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஒவ்வொரு முடிக்கும் ஒரு கூர்நிழலையும் போடும்.

எவ்வளவு தள்ளி வைப்பது என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். இரண்டு விளக்குகளுக்கும் நடுவே இரண்டரை அடி அளவு இடைவெளி இருக்கட்டும். நீங்கள் நிற்பது கண்ணாடியிலிருந்து இரண்டடி தூரத்தில். இந்தக் கணக்கில் ஒவ்வொரு விளக்கும் முன்பக்கவாட்டிலிருந்து கன்னத்தை எட்டும். இடைவெளியை நான்கடி, ஐந்தடி என்று அகற்றினால் வெளிச்சம் காதுப்பக்கமாக உரசிக்கொண்டு வரும். மூக்கின் இரு புறமும் மேலுதட்டிலும் கருமை விழும், மீசை திருத்த முடியாது. ஓர் அடிக்குள் நெருக்கினால் முகம் தட்டையாகி, தாடையின் விளிம்பே தெரியாமல் போகும். உயரத்தைப் பொறுத்தவரை விளக்கின் நடுப்பகுதி உங்கள் கண்மட்டத்தில் வரட்டும். கீழ் முனை மோவாய்க்கு அரையடியாவது கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் தாடைக்கு அடியில் வெளிச்சம் போய்ச்சேரும். ஐந்தடி ஏழங்குல ஆளுக்குக் கண்மட்டம் ஏறத்தாழ ஐந்தடி மூன்றங்குலம். அவருக்கு விளக்கு நாலேகால் அடியில் தொடங்கி ஆறேகால் அடியில் முடியும்.

வாடகை வீட்டு நண்பர் சுவரெல்லாம் துளை போட முடியாது என்றார். வீட்டுக்காரரிடம் பேசி இரண்டே இரண்டு துளைக்கு அனுமதி வாங்கினார். தண்ணீர் தாங்கும் பிளைவுட் பலகை ஒன்றை இரண்டேமுக்கால் அடி அகலத்துக்கு அறுத்து, நடுவில் அதே பழைய கண்ணாடியையும் இரு ஓரத்தில் பேட்டன்களையும் பொருத்தி, பலகையை முழுதாகச் சுவரில் திருகினார். வீடு மாறும்போது அப்படியே கழற்றி எடுத்துப் போகலாம். எலெக்ட்ரீஷியன் ஒயரை மேலிருந்து இறக்கினார், குழாய்ப்பக்கம் வரவே விடவில்லை. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்து டேபிள் விளக்கு எரியவைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதைச் செய்யாதீர்கள். குளியலறைக்குள்ளேயே மாட்டுவதென்றால் ஐ.பி.44 என்று குறித்த விளக்காகக் கேட்டு வாங்குங்கள், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள்.

விளக்கு மாட்டியதும் அவர் தாளைப் பிடித்துப் பார்த்தார். இடது முகப்பு இன்னும் சற்றே வெளுப்பாக இருந்தது. காரணம் சுவரிலிருந்த பழைய டியூப்லைட். புதிய விளக்குகள் எரிகிறபோது அதை அணைத்துவிட வேண்டும். பால்கனித் திரையையும் இழுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்தபின் மடிப்புக்கோடு மறைந்தது. நல்ல விளக்கு இரண்டு வாங்கியவர்கள்கூடப் பழைய விளக்கை அணைக்க மனம் வராமல், வெளிச்சம் அதிகமானால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே வேண்டியது சமம். அளவு அதற்குப் பிறகுதான்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் தாத்தாக்கள் சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்து, வெளியே பார்த்தபடி நின்று சவரம் செய்வார்கள். ஜன்னல் முழுவதும் விளக்காகிவிடுகிறது. கண்ணாடியின் இரு புறமிருந்தும் ஆகாய வெளிச்சம் முகத்தில் விழுகிறது. மரத்தடியில் நாற்காலி போட்டு முடிதிருத்தியவருக்கும் நாலாபுறமும் இப்படித்தான் வெளிச்சம் கிடைத்தது. இரண்டு பேட்டன்களால் செயற்கையாகச் செய்வதை இது இயற்கையாகவே செய்கிறது. இரண்டு நிபந்தனைகள் மட்டும். நேர்வெயில் விழும் ஜன்னல் ஆகாது. கண்ணாடி ஜன்னலின் நடுவில் இருக்க வேண்டும். ஓரக் கம்பியில் மாட்டினால் மறுபடி பழைய கதைதான்.

இனிக் கண்ணாடி. பெரிய கண்ணாடி வேண்டும் என்று நினைக்கிறோம், தேவையில்லை. நீராவி படிந்த கண்ணாடியில் உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் வரைந்து பாருங்கள். முகத்தின் உண்மை அளவில் சரிபாதிதான் வரும். பின்னால் தள்ளி நின்றாலும் அதே பாதிதான். ஓர் அடி அகலக் கண்ணாடியே தாராளம். பார்க்க வேண்டியது வேறு: கண்ணாடி மெல்லியதாக இருந்து, பின்னால் பசை கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது வளைந்திருக்கும். எதிரே இருக்கும் கதவுச் சட்டத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி தலையை மெதுவாக ஆட்டுங்கள். சட்டத்தின் நேர்கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது கண்ணாடியின் நிமிர்வு. சட்டம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலும் நாம் அறியாமலே தலையை அதற்கேற்பச் சாய்ப்போம், இல்லையென்றால் கிருதா முனையைச் சட்டத்துக்கு இணையாக வெட்டிவைப்போம். மேஸ்திரியின் ரசமட்டம் இருந்தால் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு ஓரத்தோடு ஒப்பிட்டால் போதும். ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி மேலே முன்சாய்ந்திருப்பதால் இடது வலதுக்குப் பாதகமில்லை. கதவில் பொருத்திய கண்ணாடிதான் தொல்லை. பீரோக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் கண்ணாடி ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு கன்னத்தை அதிகமாகவும் மறு கன்னத்தைக் குறைவாகவும் காட்டும். நேரே பார்க்கும்போது இரண்டு காதும் ஒரே அகலத்துக்குத் தெரிய வேண்டும்.

இதன் பிறகு கண்ணாடியின் மேல் இரண்டு துண்டு நாடா ஒட்டுகிறோம். சீட்டுக்கட்டின் ஓரம் அளவு மெல்லிய வெள்ளை நாடா போதும். ஒன்று நடுவில் செங்குத்தாக, மற்றது கண்மட்டத்தில் கிடையாக. இரண்டடி தள்ளி நின்று உங்கள் முகத்தைப் பார்த்தால், செங்குத்து நாடா இரண்டாகப் பிரிந்து மங்கலாகத் தெரியும். கண் பதிந்திருப்பது கண்ணாடிக்கு அப்பால் தெரியும் பிம்பத்தில்; நாடாவோ பாதி வழியில் இருக்கிறது என்பதால் வரும் விளைவு. நீங்கள் சரியாக நடுவில் நின்றால், அந்த இரண்டு மங்கல் நாடாக்களும் பிம்பத்தின் இரண்டு கண்கள் மேலும் ஒவ்வொன்றாக உட்காரும். ஓர் அங்குலம் நகர்ந்தால் கண்களை விட்டு இரண்டு அங்குலம் விலகிவிடும். இத்தனை நுட்பமாக நடுவைக் காட்டும் கருவி வேறு எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. கிடை நாடா இரண்டாகத் தெரியாது. இரண்டு கருவிழிகளும் அதன் மேல் நின்றால் தலை நேராக இருக்கிறது. அப்படி நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் தரையில் ஒரு நாடா ஒட்டிக்கொண்டால் அடுத்த வாரம் தேட வேண்டாம்.

தலை நேராக இருக்கிறதா என்பதற்குக் காதுகளை நம்பாதீர்கள். பெரும்பாலோருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ‘காது நடுவரைக்கும் கிருதா’ என்று இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து வெட்டினால், அளவு சரியாக இருக்கும், பார்வைக்குக் கோணலாக இருக்கும். எதிரில் நிற்பவர் காதை அளப்பதில்லை. கண்களோடு சேர்த்துத்தான் கிருதாவைப் பார்க்கிறார். ஆகவே கண்களின் மட்டமே நமக்கு அளவுகோல்.

வேலையைத் தொடங்கும்போது முடி காய்ந்திருக்கட்டும். ஈர முடி கொத்துக் கொத்தாக ஒட்டி வரம்பை மறைக்கும். சீப்பு மாட்டி முழுத் தாடியையும் ஒரே அளவுக்குக் குறைத்த பிறகு, டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டுப் புருவப் பென்சிலை எடுங்கள். தரைக்குறியில் நின்று, கண்கள் நாடாவில் இருக்க, இரு பக்கமும் கிருதா முடிய வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. ஓர் அடி ஸ்கேலை மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, நாடாவுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு புள்ளியும் ஸ்கேலின் விளிம்பில் நின்றால் சரி. சலூனில் முடிதிருத்துபவர் இரண்டு கட்டைவிரலை இரண்டு கிருதா முனையிலும் வைத்துக் கண்ணாடியைப் பார்ப்பாரே, அதே வேலைதான். அவர் பின்னால் நின்று இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. நமக்கு ஸ்கேல் துணை.

வெட்டும்போது புள்ளிக்கு ஒரு நெல் அகலம் கீழேயே நிறுத்துங்கள். மறு பக்கமும் அதே அளவு. பிறகு திரும்பவும் நேரே நின்று பார்த்து, இரண்டையும் புள்ளி வரை ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறு பக்கம் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. இடதைச் சரிசெய்ய வலது, வலதைச் சரிசெய்ய இடது என்று மாறி மாறி ஏறி, கடைசியில் கிருதாவே இல்லாமல் தெருவில் இறங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வலக்கைக்காரருக்கு இடது கன்னம் எப்போதும் சங்கடம். கை முகத்தைக் குறுக்கே தாண்டிப்போகும்போது டிரிம்மரின் வாய் சாய்ந்துகொள்ளும், கோடும் சாயும். இதை வெளிச்சத்தால் தீர்க்க முடியாது. இடக்கையால் பழகலாம். இல்லையென்றால் கன்னக்கோட்டையும் பென்சிலால் முன்கூட்டியே வரைந்துவிட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் எடுக்கலாம். பென்சில் கோடு நேரே நின்று வரைந்ததாக இருப்பதால் கையின் சாய்வு அதைக் கெடுக்காது.

கழுத்துக்கோட்டை வரைய வேண்டியதும் தலை நேராக இருக்கும்போதுதான். தொண்டையில் துருத்தி நிற்கும் குரல்வளைக்கு இரண்டு விரல் மேலே ஒரு புள்ளி, அங்கிருந்து இரு பக்கமும் காதுக்குப் பின்புறம் நோக்கி வளைந்து ஏறும் கோடு. வெட்டும்போது மோவாயைத் தூக்கலாம், தப்பில்லை. வரையும்போது தூக்கினால் கழுத்துத் தோல் இழுபட்டு, தலையை இறக்கியதும் கோடு வேறு இடத்தில் போய் நிற்கும். இரண்டு பக்கமும் தோல் ஒரே மாதிரி இழுபடுவதும் இல்லை.

பிடரிக்கு இரண்டாவது கண்ணாடி வேண்டும். முன்பக்கம் பார்த்து நின்றுகொண்டு பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடிப்பது வழக்கம். அதில் பிடரி இருட்டாகவே இருக்கும், விளக்கெல்லாம் முகத்துக்கு எதிரே இருப்பதால். திரும்பி நில்லுங்கள். முதுகு சுவர்க் கண்ணாடிக்கு, முகம் கைக்கண்ணாடிக்கு. இப்போது அதே இரண்டு பேட்டன்களும் பிடரியின் இரு பக்கத்தையும் சமமாக வெளிச்சமாக்கும். ஒரு கையில் டிரிம்மர் இருப்பதால், கைக்கண்ணாடிக்குப் பதில் எதிர்ச்சுவரிலோ ஸ்டாண்டிலோ முக உயரத்தில் ஒரு சிறு கண்ணாடி இருந்தால் மறு கை தோலை இழுத்துப் பிடிக்க உதவும். அது ஒரு துளி மட்டும் திரும்பியிருக்க வேண்டும், நேருக்கு நேர் வைத்தால் நம் தலையே மறைக்கும்.

இரட்டைக் கண்ணாடியில் கை தப்பான திசைக்குப் போகிறது என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். அதற்கும் காரணம் கோணம்தான். இரண்டு கண்ணாடியும் எதிரெதிரே, ஏறக்குறைய இணையாக இருந்தால் பிடரியின் வலது பக்கம் வலப்புறமே தெரியும், கை குழம்பாது. மூன்று மடிப்புக் கண்ணாடியில் இருப்பதுபோல இரண்டும் மூலையாக மடங்கி நின்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பிம்பம் தாவினால் இடம் வலமாகிவிடும். கை எதிர்த்திசையில் போவதைக் கண்டால் உடனே நிறுத்தி, கண்ணாடியின் திருப்பத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கிருதா திருத்தும்போது அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் முகம் மங்கும், ஏனென்றால் கண்ணாடிக்குள் தெரியும் முகம் நாம் நிற்கும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. மைனஸ் இரண்டு பவர் உள்ளவருக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு. ஆகவே அவர் கண்ணாடிக்குக் கால் மீட்டர், அதாவது பத்து அங்குலம் நெருங்கி நிற்க வேண்டும். அப்படி நெருங்கினால் பக்கத்து விளக்குகள் காதோரமாகப் போய்விடும். சுவரிலிருந்து இழுத்து நீட்டக்கூடிய கைப்பிடிக் கண்ணாடி இவர்களுக்குத்தான். கண்ணாடியை முகத்துக்கு அருகே கொண்டுவந்துவிட்டு, விளக்குகள் இருந்த இடத்திலேயே இருக்க, இரண்டடி தள்ளியே நிற்கலாம். அதுவே பெரிதாக்கிக் காட்டும் குழிக்கண்ணாடி என்றால் ஓர் எச்சரிக்கை. அதில் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் தெரியும். குறியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சாதாரணக் கண்ணாடியில் வைத்துவிட்டு, வெட்டுவதை மட்டும் குழிக்கண்ணாடியில் செய்யுங்கள். புருவம் திருத்தும் பெண்களுக்கும் இதே முறைதான். ஒரு புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் இரண்டும் இரண்டு விதமாக வரும்.

இத்தனைக்குப் பிறகும் கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் கரடாகத் தெரிந்தால் அது சுழியாக இருக்கலாம். தாடைக்குக் கீழே முடி வளரும் திசை பலருக்கு இடமும் வலமும் வேறு வேறு. ஒரு பக்கம் கீழ்நோக்கி, மறு பக்கம் காதை நோக்கி. இரண்டு பக்கமும் டிரிம்மரைக் கீழிருந்து மேலாக இழுத்தால் ஒரு பக்கம்தான் எதிர்த்திசையில் போகிறது, மற்றதில் முடி படிந்து தப்பிவிடுகிறது. இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் தடவிப் பார்த்தால் எந்தத் திசையில் சொரசொரக்கிறது என்று தெரியும். அந்தத் திசையில்தான் டிரிம்மர் போக வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறாக இருந்தாலும்.

முடித்ததும் சரிபார்க்க செல்போன் உதவும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி வேண்டாம்; அவ்வளவு நெருக்கத்தில் முகம் கோணும், மூக்கு பெருக்கும். வீட்டில் யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று, பின்புறக் கேமராவால் கண்மட்டத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகிய முகம் அதில் இடவலம் மாறி வருவதால், பழக்கத்தில் கண் விட்டுவிட்ட கோணல் பளிச்சென்று தெரியும். ஓவியர்கள் தங்கள் ஓவியத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும்படி லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்த உத்தியும் இதுதான். படத்தில் இரண்டு கருவிழிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதற்கு இணையாகக் கிருதா முனையில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள். ஐந்தடியில் தெரியாத வித்தியாசத்தைத் திருத்த டிரிம்மரை மறுபடி எடுக்க வேண்டாம். தெரிகிற அளவு இருந்தால், நீளமான பக்கத்தை மட்டும் தொடுங்கள்.